உங்களுக்குத் தெரியுமா? கிட்டத்தட்ட வரிசையான அணிக்குச் சிறிய ஹீப் போதும்

ஓர் அணியின் ஒவ்வோர் எண்ணும் தன் சரியான இடத்திலிருந்து k இடங்களுக்குள்ளேயே இருந்தால், அதை வரிசைப்படுத்த k+1 எண்கள் கொள்ளும் ஹீப் போதும். மிகச் சிறிய எண் முதல் k+1 இடங்களைத் தாண்டி இருக்க முடியாது என்பதே காரணம்.

3, 1, 2, 6, 4, 5 என்ற அணியில் k = 2. முதலில் 3, 1, 2 ஹீப்புக்குள் போகின்றன; 1 வெளியே வருகிறது. 6 நுழைந்ததும் 2 வருகிறது. 4 நுழைந்ததும் 3. 5 நுழைந்ததும் 4. உள்ளே எஞ்சிய 5, 6 கடைசியில் வரிசையாக வெளிவருகின்றன.

n எண்களுக்கு ஆகும் நேரம் O(n log k). பத்து லட்சம் எண்கள் இருந்தாலும், k = 7 என்றால் ஹீப்பில் ஒரு சமயம் எட்டு எண்களுக்கு மேல் இருப்பதில்லை.

k-ஐக் குறைத்து மதிப்பிட்டால் விடை பிசகலாம். முன்பு வந்ததைவிடச் சிறிய எண் வெளியே வந்தால், k போதவில்லை என்று பொருள்.