குரலுக்குப் படம் தேடும் குறிப்பு

ஸ்கிரிப்ட் முடிந்து குரல் பதிவும் ஆன ஒரு ஆவணப் படத்துக்கு ஸ்டாக் தளங்களிலிருந்து காட்சிகளை எடுத்துப் பொருத்துவது இன்று யூடியூப் சேனல்களில் அன்றாட வேலை. பெரிய நிறுவனத்தில் காட்சி தேட ஒருவர், வெட்ட ஒருவர், உரிமம் பார்க்க ஒருவர் இருப்பார்கள். தனி எடிட்டருக்கு எல்லாம் அவரே. வெட்டிக்கொண்டே தேடத் தொடங்கினால், அழகாக இருக்கிறதே என்று தளம் காட்டும் ஏதோ ஒரு கிளிப் படத்தை வேறு திசைக்கு இழுத்துவிடும். அதனால் டைம்லைனைத் திறப்பதற்கு முன்பே, ஒவ்வொரு இடத்திலும் என்ன தெரிய வேண்டும், அதை எந்தச் சொல்லால் தேடுவது, எங்கே வெட்டுவது என்று எழுதிவைக்கும் குறிப்பு தேவைப்படுகிறது.

குறிப்பு எழுதும்போது ஸ்கிரிப்ட் காகிதத்தை மட்டும் பார்த்தால் போதாது, குரல் பதிவையும் கேட்க வேண்டும். காகிதத்தில் ஒரே அளவாகத் தெரியும் இரண்டு வாக்கியங்களில், குரல் கொடுப்பவர் ஒன்றை மூன்று நொடியிலும் மற்றொன்றை ஏழு நொடியிலும் பேசியிருப்பார். ஆகவே நேரக் கணக்கை ஒலியிலிருந்தே எடுக்க வேண்டும். பிரிக்க வேண்டியது வாக்கியங்களை அல்ல, பார்வையாளர் மனதில் படம் மாறும் இடங்களை. ஒரு நீண்ட வாக்கியத்துக்குள் மூன்று படங்கள் இருக்கலாம். இரண்டு சின்ன வாக்கியங்களுக்கு ஒரே படம் போதும்.

பாம்பன் பாலம் பற்றிய ஒரு குரல் பகுதியை எடுத்துக்கொள்ளலாம்: "1964 டிசம்பர் 22. இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பயணிகள் ரயில் ஊர் போய்ச் சேரவில்லை. கடல் அதை வாரிக்கொண்டு போனது. அதே புயலில் பாலத்தின் பெரும்பகுதியும் விழுந்தது. நடுவில் கப்பலுக்கு வழிவிடும் தூக்குப்பகுதி மட்டும் நின்றது." பேச ஏறக்குறைய 20 நொடி ஆகும்.

முதல் துண்டுக்கு ஸ்டாக் காட்சியே வேண்டாம். கறுப்புத் திரையில் தேதியும் பின்னால் காற்றின் ஓசையும் இருந்தால் போதும். தேட வேண்டாம் என்று தீர்மானிப்பதையும் குறிப்பில் எழுதிவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் நான்கு நாள் கழித்து அந்த இடம் நிரப்பப்படாத வெற்றிடம் போலத் தோன்றும்.

இரண்டாவது துண்டில்தான் சிக்கல். `steam train india` என்று தேடினால் பெரும்பாலும் ஊட்டி ரயிலும் டார்ஜிலிங் ரயிலும்தான் வரும். பின்னணியில் மலைச்சரிவு. ராமேஸ்வரம் தீவில் மலை ஏது? அகலமான ஷாட்டைக் கைவிட்டு, இடம் தெரியாத அண்மைக் காட்சிக்குப் போவதே வழி: `steam locomotive wheels close up`, `train wheels night rain`. சக்கரமும் தண்டவாளமும் மட்டும் தெரியும்போது எந்த ஊர் என்ற கேள்வி எழாது. பாம்பன் எங்கே, தனுஷ்கோடி எங்கே என்று தெரியாத பார்வையாளருக்காக அதற்கு முன் நான்கு நொடி வரைபடம் ஒன்றும் வேண்டும்.

கடலுக்கு `storm sea` என்று தேடினால் பாறைக் கரையும் கலங்கரை விளக்கமுமாக வடக்கு ஐரோப்பியக் கடல்கள் வந்து குவியும். தனுஷ்கோடி மணல் திட்டு. ஆகவே கரையே தெரியாத நீர்ப்பரப்பு வேண்டும்: `rough sea surface dark`, `dark waves close up`. ரயிலை அலை விழுங்குவது போன்ற கிராஃபிக்ஸ் காட்சி எங்காவது கிடைத்தாலும் எடுக்கக்கூடாது. உண்மையில் இறந்தவர்களைப் பற்றிய வரி அது.

பாலத்துக்கான தேடலில் ஏமாற வாய்ப்பு இன்னும் அதிகம். `pamban bridge` என்று தட்டினால் மூன்று பாலங்கள் கலந்து வரும். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், அதன் அருகே 1988-இல் வந்த சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம். பழையதில் நடுப்பகுதி இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே எழும். புதியதில் இரு கோபுரங்களுக்கு இடையே முழுப் பகுதியும் நேராக உயரும். கிளிப்புக்குத் தளத்தில் கொடுத்திருக்கும் தலைப்பை நம்பாமல் இந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். "விழுந்தது" என்னும் சொல் ஒலிக்கும்போது முழுசாக நிற்கும் பாலத்தை ட்ரோனிலிருந்து காட்டினால் படமும் குரலும் சண்டை போடும். அங்கே தூண்களும் நீரும் மட்டும் தெரியும் ஷாட் போதும். தூக்குப்பகுதியை "நின்றது" என்ற சொல்லுக்காகக் காத்துவைத்து அங்கே வெட்ட வேண்டும்.

தேடல் சொற்களுக்குப் பொதுவான ஒரு முறை உண்டு. தளங்களில் கிளிப்புகளுக்கு அடையாளச் சொற்களைக் கொடுப்பவர்கள் கண்ணில் தெரியும் பொருளைத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள், அதுவும் ஆங்கிலத்தில். "துயரம்", "இழப்பு" என்று தேடினால் முகத்தைப் பொத்திக்கொண்டு அமர்ந்திருக்கும் மாடல்கள்தான் வருவார்கள். பொருள், செயல், இடம், ஷாட் அளவு என்ற வரிசையில் மூன்று நான்கு சொற்கள் நன்றாக வேலை செய்யும். ஒவ்வொரு துண்டுக்கும் குறுகலான தேடல் ஒன்று, அது பொய்த்தால் சற்று அகலமானது ஒன்று, கடைசியாக எது கிடைத்தாலும் ஒப்பேறும் மாற்று ஒன்று என்று எழுதிவைப்பது நல்லது. ஊர்ப்பெயரை `rameswaram`, `rameshwaram` என்று இரு எழுத்துக்கூட்டலிலும் தேட வேண்டும். இரண்டுக்கும் முடிவுகள் வெவ்வேறாக வருவதுண்டு.

வெட்டுக்குறிப்பு இதைவிடச் சுருக்கமாக இருக்கலாம். மேற்கண்ட கடைசித் துண்டு இப்படி அமையும்:

```
05 | 00:16–00:20 | "நடுவில்... நின்றது"
தேடல்: old pamban bridge open span
மாற்று: பழைய புகைப்படம், மெதுவான ஜூம்
வெட்டு: "நின்றது" மேல்; பிறகு 2 நொடி மௌனம்
தவிர்: சாலைப் பாலம், புதிய பாலம்
```

இதில் "தவிர்" என்ற வரிதான் பலரும் விட்டுவிடுவது. பத்து கிளிப்புகளை வரிசையாகப் பார்த்துக் களைத்தபின், எது ஏன் பொருந்தாது என்று மறுபடி யோசிக்காமல் காப்பது அதுதான். டைம்கோடோடு வெட்டு விழ வேண்டிய சொல்லையும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. குரலில் ஒரு மூச்சை நீக்கினாலும் அதன்பின் எல்லா நேரங்களும் நகர்ந்துவிடும். சொல் நகராது.

இறக்கும் கோப்புகளின் பெயரும் துண்டு எண்ணில் தொடங்க வேண்டும்: `05a_pamban_span.mp4`. தளம் தரும் எண் மட்டும் கொண்ட பெயர்கள் 60 சேர்ந்ததும் எது எதற்கு என்று தெரியாது. வேகத்தைக் குறைத்துக் காட்ட நினைக்கும் ஷாட்டுக்கு நொடிக்கு 50 அல்லது 60 ஃபிரேமில் எடுத்த கிளிப்பையே தேட வேண்டும். 25 ஃபிரேம் கிளிப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் அசைவு திக்கித் திக்கித் தெரியும்.

உரிமத்தையும் அதே வரியில் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டணத் தளங்களில் "எடிட்டோரியல்" என்று முத்திரையிட்ட கிளிப் செய்தி, ஆவணம் போன்றவற்றுக்கானது. விளம்பரதாரரைப் புகழும் பகுதியில் அதைப் போட முடியாது. பெக்செல்ஸ், பிக்சாபே போன்ற இலவசத் தளங்களுக்கும் தனித்தனி நிபந்தனைகள் உண்டு. கிளிப் எண், தளம், இறக்கிய தேதி மூன்றும் இருந்தால், பின்னால் யூடியூப்பில் யாராவது உரிமை கோரும்போது பதில் சொல்லலாம்.

பணம் கட்டுவதற்கு முன் வாட்டர்மார்க் உள்ள முன்னோட்டக் கிளிப்பை டைம்லைனில் வைத்துப் பார்ப்பது வழக்கம். பொருந்தாததை வாங்காமல் தப்பலாம். அதைக் குறிப்பில் "தற்காலிகம்" என்று எழுதி, டைம்லைனிலும் வேறு நிறத்தில் வைக்க வேண்டும். வாட்டர்மார்க் சில கிளிப்புகளில் மங்கலாக இருக்கும். இரவுக் காட்சியில் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் ஏற்றுமதிக்கு முன் படத்தை ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், குறிப்பில் அந்தச் சொல் இன்னும் எந்தெந்த வரியில் மிச்சமிருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.