செப்சிஸ் என்னும் சொல்லும் அதன் அவசரமும்

திருகோணமலை நகருக்கு வடக்கே கடலையடுத்து அமைந்துள்ள ஊர் சல்லி. கடற்றொழில் செய்வோர் வாழும் இத்தகைய ஊர்களிலே சங்கும் சிப்பியும் மீன்முள்ளும் காலைக் கீறுதல் அன்றாட நிகழ்ச்சி. அக்கீறல்களுட் பல தாமே ஆறிவிடும். ஆறாது சீழ்கொண்ட புண்ணோடும் காய்ச்சலோடும் ஒருவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் உறவினர், வைத்தியரும் தாதியரும் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சிடையே 'செப்சிஸ்' என்னும் சொல்லைக் கேட்பதுண்டு. அச்சொல் எழுந்த கணமே வாட்டின் நடை மாறிவிடும். ஒருவர் குருதி எடுப்பார். ஒருவர் சேலைன் ஏற்றுவார். ஒருவர் மருந்தை ஊசிவழியே செலுத்துவார். 'கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது' என்று உறவினர் தமக்குத் தெரிந்தவாறு அதற்குப் பொருள் கொள்வர். அப்பொருள் முற்றும் பிழையன்று. ஆயினும் வைத்தியரின் விரைவுக்குக் காரணம் அதனுள் அடங்கவில்லை.

செப்சிஸ் என்பது கிரேக்கச் சொல். அழுகுதல் என்பது அதன் முதற்பொருள். 1847ஆம் ஆண்டு வியன்னா நகரத்து வைத்தியசாலையொன்றில், பிள்ளைபெற்ற தாய்மார் காய்ச்சல் கண்டு இறப்பதன் காரணத்தைச் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய நண்பரான கொலெச்கா என்னும் வைத்தியர், பிணப்பரிசோதனையின்போது மாணவன் ஒருவனுடைய கத்தி விரலிற் பட்டமையால் நோயுற்று இறந்தார். அவருடலிற் காணப்பட்ட மாறுதல்கள் அத்தாய்மாரின் உடல்களிற் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. விரலிலே தொடங்கிய ஒரு சிறு காயமும் கருப்பையிலே தொடங்கிய ஒரு நோயும் ஒரே முடிவுக்குக் கொண்டுசென்றன என்பதைச் செம்மல்வைஸ் கண்டார். தொடங்கும் இடம் வேறாயினும் உடல் முழுவதும் சீர்குலையும் வழி ஒன்றே என்னும் உண்மை, இன்று அச்சொல்லுக்கு வழங்கும் பொருளுக்கும் அடிப்படையாகும்.

கிருமிகள் குருதியிற் பெருகுவதே செப்சிஸ் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஆனால் செப்சிஸ் உற்ற பலருடைய குருதியை வளர்ப்புச் சோதனைக்கு உட்படுத்தியபோதும் கிருமி எதுவும் வெளிப்படவில்லை. எனவே 2016ஆம் ஆண்டிலே பல நாட்டு வைத்திய அறிஞர் கூடி வகுத்த வரைவிலக்கணம் வேறு திசையிற் சென்றது. தொற்று ஒன்றை எதிர்க்க முற்பட்ட உடல், தன் எதிர்ப்பை அளவிலே நிறுத்தமாட்டாது, அதனாலேயே தன் உறுப்புகளைக் கெடுத்து உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நிலையே செப்சிஸ் ஆகும். அஃதாவது, இச்சொல் கிருமியின் பெயரன்று; நோயின் இருப்பிடத்தைக் குறிப்பதுமன்று. உடல் எந்நிலையை அடைந்துவிட்டது என்பதையே அது குறிக்கின்றது. நுரையீரல், சிறுநீர்வழி, குடல், புண் ஆகிய எதிலிருந்தும் இந்நிலை தோன்றலாம்.

இந்நிலையில் உடலினுள் நிகழ்வது யாது? ஓரிடத்திலே தொற்று உண்டாகும்போது அங்குள்ள குருதிக்குழாய்கள் விரிகின்றன. அவற்றின் சுவர்கள் சிறிது நெகிழ்ந்து, வெண்குருதிக் கலங்களும் நீரும் வெளியேற இடங்கொடுக்கின்றன. புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்குவது இதனாலேயே. இது நன்மை பயப்பது. அதே விரிவும் அதே கசிவும் உடலெங்கும் ஒருங்கே நிகழுமாயின் நன்மை தீமையாகின்றது. குழாய்கள் யாவும் விரிய, உள்ளிருக்கும் நீரும் கசிந்து குறைய, குருதியமுக்கம் வீழ்கின்றது. நுண்ணிய குழாய்களிலே குருதி உறைந்து வழியை அடைக்கின்றது. அதனால் உறுப்புகளுக்குச் சேரவேண்டிய ஒட்சிசன் சேர்வதில்லை. சிறுநீரகம் சிறுநீரைக் குறைக்கின்றது, மூளை தெளிவிழக்கின்றது, மூச்சு விரைகின்றது, குருதியிலே லக்டேட் என்னும் பொருள் மிகுகின்றது.

இதனை விளக்கும்பொருட்டுக் கற்பனையாக ஒருவரைக் கொள்க. அவர் ஐம்பத்தைந்து வயதினர், அறுபது கிலோகிராம் நிறையினர், நீரிழிவு உடையவர். வலை இழுக்கையிலே உள்ளங்காலைச் சிப்பி கீறிவிட்டது. நீரிழிவினால் பாதத்தின் உணர்ச்சி குன்றியிருந்தமையின் அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் நாள் குளிரும் காய்ச்சலும் கண்டன. பனடோல் விழுங்கக் காய்ச்சல் தணிந்தது. ஐந்தாம் நாட் காலையில் உடல் சுடவில்லை. ஆகவே நோய் விட்டதென வீட்டார் மகிழ்ந்தனர். ஆயினும் அவர் எழுந்திருக்க மாட்டாது சோர்ந்து கிடந்தார். கேட்ட கேள்விக்குப் பொருத்தமற்ற விடை கூறினார். முதல்நாள் மாலைக்குப்பின் சிறுநீர் கழிக்கவில்லை. படுத்திருந்தபோதும் ஓடிவந்தவர்போல் மூச்சு வாங்கினார்.

வைத்தியசாலையிலே அவரது மூச்சு நிமிடத்துக்கு 28 ஆகவும், நாடி 124 ஆகவும் எண்ணப்பட்டன. ஓய்விலிருப்பவருக்கு மூச்சு 12 முதல் 20 வரையே இருத்தல் இயல்பு. குருதியமுக்கம் 84க்கு 48. இவ்விரண்டையும் கொண்டு கணிக்கும் சராசரி அமுக்கம் 60 ஆகின்றது. உறுப்புகளுக்குக் குருதி சென்றடைய 65 ஆவது வேண்டும் என்பது வைத்தியர் கைக்கொள்ளும் எல்லை. விரல்நுனியை அழுத்தி விட்டபோது வெளிறிய இடம் மீண்டும் சிவக்க ஐந்து விநாடி சென்றது. வெப்பநிலையோ 36 பாகையளவே. காய்ச்சல் இல்லாமை இங்கே நலத்தின் அறிகுறியன்று.

இப்பொழுது வைத்தியர் 'செப்சிஸ்' என்கின்றார். எந்தக் கிருமி என்பது அவருக்கு இன்னும் தெரியாது. அது தெரியும்வரை காத்திருத்தல் ஆகாது என்பதே அச்சொல்லின் கருத்து. முதலிற் கிருமி வளர்ப்புச் சோதனைக்குக் குருதி எடுக்கப்படுகின்றது. மருந்து உட்சென்றபின் எடுத்தாற் கிருமி மறைந்துபோகலாம் என்பதனால் இவ்வொழுங்கு. எனினும், குருதி எடுப்பது தடைப்படுமாயின் அதன்பொருட்டு மருந்தைத் தாமதிப்பதில்லை. உடனே பல வகைக் கிருமிகளையும் தாக்கவல்ல நுண்ணுயிர்க்கொல்லி நாளத்தினூடாகச் செலுத்தப்படுகின்றது. நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 30 மில்லிலீற்றர் வீதம், இவருக்கு ஏறத்தாழ 1800 மில்லிலீற்றர் சேலைன் முதல் மூன்று மணி நேரத்துள் ஏற்றப்படுகின்றது. இடையிடையே நுரையீரலில் நீர் தேங்குகின்றதா எனச் செவிமடுத்துப் பார்த்தலும் வேண்டும். அமுக்கம் 65ஐ எட்டாதாயின், விரிந்த குழாய்களைச் சுருக்கும் நோரட்ரீனலின் என்னும் மருந்து துளித்துளியாக ஏற்றப்படும்.

இவையெல்லாம் செய்தும் பாதத்தினுள்ளே சீழ் தேங்கியிருக்குமாயின் பயன் குறைவு. குருதியோட்டம் புகாத சீழினுள் மருந்து நன்கு சென்றடைவதில்லை. ஆகவே சத்திரசிகிச்சை வைத்தியர் அன்றே புண்ணைத் திறந்து சீழை வெளியேற்றி, அழுகிய தசையை நீக்குகின்றார். சிகிச்சை பலித்ததா என்பதை அறியச் சிறுநீரே எளிய சான்று. மணிக்கு 30 மில்லிலீற்றருக்குக் குறையாது சிறுநீர் வருமாயின், இந்நிறையுடையவரின் சிறுநீரகத்துக்குக் குருதி மீண்டும் செல்கின்றது எனக் கொள்ளலாம். இவருக்கு மாலையில் 40 மில்லிலீற்றர் வந்தது; இரவிலே தம் மகனைப் பெயர்சொல்லி அழைத்தார்.

ஒரு மணி நேரம் என்று வைத்தியர் வற்புறுத்துவதற்கு ஆதாரம் உண்டு. கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் குருதியமுக்கம் வீழ்ந்த நோயாளரை ஆராய்ந்து 2006இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, அமுக்கம் வீழ்ந்தபின் முதல் ஆறு மணியளவும் தகுந்த மருந்து தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் உயிர்பிழைப்போர் தொகை சராசரியாக நூற்றுக்கு 7.6 வீதம் குறைந்ததைக் காட்டிற்று. அது முன்பே நிகழ்ந்தவற்றை ஏடுகளிலிருந்து தொகுத்த ஆய்வாதலின், அவ்வெண்ணை எல்லா நோயாளருக்கும் அப்படியே பொருத்துதல் தகாது. 2021ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டி இதனை உணர்ந்தே விதி வகுத்தது. அமுக்கம் வீழ்ந்தவருக்கும், செப்சிஸ் எனப் பெரிதும் ஐயுறத் தக்கவருக்கும் ஒரு மணிக்குள் மருந்து. அமுக்கம் வீழாது, ஐயமும் மிகாதவருக்கு மூன்று மணிக்குள் விரைந்து ஆராய்ந்து, ஐயம் நீங்காதாயின் மருந்து என்பது அவ்விதி. காய்ச்சலுற்றார் யாவருக்கும் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தல் என்பது அதன் பொருளன்று.

இலங்கையிலே இவ்விரைவுக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. ஈரமண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு கிருமி மெலியோயிடோசிஸ் என்னும் நோயைத் தருகின்றது. 1912இல் இரங்கூன் வைத்தியர் விற்மோர் முதன்முதல் இதனை விளக்கி எழுதினார். கீறல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உட்புகும் இக்கிருமி, நீரிழிவுடையாரை எளிதிற் பற்றும், மழைக்காலத்தில் மிகும், செப்சிஸை விரைவில் விளைவிக்கும். வழக்கமாக முதலில் வழங்கும் மருந்துகளுட் சில இதனிடத்துப் பலிப்பதில்லை. செஃப்டசிடிம், மெரோபெனம் ஆகியவை வேண்டும். எனவே நோயாளி மண்ணிலும் சேற்றிலும் தொழில் செய்தவரா, நீரிழிவு உண்டா என்பவற்றை உறவினர் கூறுதல் மருந்துத் தெரிவையே மாற்றக்கூடும். முதலிலெடுத்த குருதி வளர்ப்பின் முடிவு ஓரிரு நாட்களிலோ பின்னரோ வந்தபின், பொருத்தமான மருந்துக்கு மாற்றுவதும் அதனாலேயே இயல்கின்றது.

ஆகவே செப்சிஸ் என்று கேட்டவுடன் நோயாளி பிழையார் என்றோ, அவரைத் தொட்டால் அந்நிலை பற்றும் என்றோ அஞ்சுதல் பொருந்தாது. வைத்தியர் அச்சொல்லாற் கூறுவது வேறு: உறுப்புகள் கெடத் தொடங்கிவிட்டன; மீட்பதற்கு இன்னும் காலம் உண்டு; அக்காலம் மணிக்கணக்கிலேயே உண்டு. வீட்டிலுள்ளார் பார்க்கவேண்டியதும் அதுவே. தொற்றுடைய ஒருவர் மயங்கிப் பேசினும், ஓய்விலே மூச்சு விரையினும், சிறுநீர் அற்றுப்போயினும், கைகால் குளிர்ந்து தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறினும், உடற்சூடு தணிந்ததென்று காத்திராது அப்பொழுதே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. சல்லியூர்ப் புண்ணாளரைப்பற்றி வீட்டார் மகிழ்ந்த அந்த ஐந்தாம் நாட் காலையே அவருக்கு மிக ஆபத்தான வேளையாயிருந்தது.