மெட்டியில் மாட்டும் ஜார்ஜெட்

ஜார்ஜெட் புடவையின் ஓரத்தில் பிரிந்து நிற்கும் ஓர் இழையை உருவி, இரு முனைகளையும் விரல்களால் இறுகப் பிடியுங்கள். கைகளை மெல்ல நெருக்கினால், இழை தொய்ந்து தொங்காது. நடுவில் தானாகச் சுருண்டு, தன்னோடு தானே பின்னிக்கொள்ளும். முறுக்கிவிட்ட ஊஞ்சல் கயிறு செய்வதும் இதைத்தான். ஜார்ஜெட் உடம்போடு வழிந்து நிற்பதற்கும், துவைத்து எடுத்தால் நூல் இழுத்துக்கொண்டு வருவதற்கும் காரணம் இந்த முறுக்கு.

வழக்கமான துணிக்கு இழையில் மீட்டருக்குச் சில நூறு சுற்று முறுக்கு இருந்தாலே தாராளம். ஜார்ஜெட்டுக்கும் ஷிஃபானுக்கும் 2,000 முதல் 3,000 சுற்று வரை ஏற்றுகிறார்கள். அந்த நூலை அப்படியே தறியில் பூட்டினால் கண்ட இடத்தில் சுருண்டு சிக்காகிவிடும். அதனால் ஆவியில் வைத்து முறுக்கைத் தற்காலிகமாக அடக்கிவைப்பார்கள். ஜார்ஜெட்டில் வலப்பக்கம் முறுக்கியவை இரண்டு, இடப்பக்கம் முறுக்கியவை இரண்டு என்று பாவிலும் ஊடையிலும் நூல்கள் மாறி மாறி வரும். எல்லாமே ஒரே பக்கம் முறுக்கியவை என்றால் துணி ஒரு பக்கமாகவே இழுக்கும். ஷிஃபானில் நூல் இன்னும் மெல்லியது, நெசவு இன்னும் நெருக்கம் குறைந்தது. அதனால்தான் ஜார்ஜெட் சற்றே சொரசொரப்பாகவும், ஷிஃபான் வழுக்கலாகவும் இருக்கிறது.

தறியிலிருந்து இறங்கும்போது இந்தத் துணி விறைப்பாகத்தான் இருக்கும். குழைவு வருவது அதற்குப் பிறகு. பட்டு என்றால் சோப்பு கலந்த வெந்நீரில் கொதிக்கவைத்து, இழையின் மேலிருக்கும் பசையைக் கரைத்துவிடுவார்கள். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பசைதான். பாலியஸ்டரில் பசை கிடையாது. அதனால் சூரத் ஆலைகளில் காஸ்டிக் சோடா கலந்த சூடான நீரில் போட்டு, இழையின் மேல்தோலையே கொஞ்சம் அரித்தெடுக்கிறார்கள். எந்த வழியானாலும் நூல் இளைக்கிறது. பாவும் ஊடையும் ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் இடைவெளி விழுகிறது. அடக்கிவைத்த முறுக்கும் வெந்நீரில் விழித்துக்கொள்ள, நூல்கள் நெளிந்து துணி சுருங்குகிறது.

இனி ஒவ்வொரு நூலும் சந்திப்பில் தாராளமாகத் திரும்பும், நகரும். கொசுவம் அடுக்கினால் அடங்குவதும், முந்தானை தோளிலிருந்து நேராக விழுவதும் அதனால்தான். சந்தேகம் இருந்தால் பட்டு ஆர்கன்சாவைத் தொட்டுப் பாருங்கள். அதுவும் முறுக்கிய நூல்தான், அதுவும் கண்ணாடிபோலத் தெரியும் துணிதான். ஆனால் பசையை நீக்காமல் விடுவதால் மொடமொடவென்று நிற்கும். ஆக, முறுக்கு மட்டும் போதாது, நூலுக்கு அசைய இடமும் வேண்டும்.

அசைய இடம் இருக்கிறதே, அதுதான் வம்பு. மெட்டியோ கொலுசின் கொண்டியோ ஓர் இழையில் மாட்டினால், அதைப் பிடித்து நிறுத்த அக்கம்பக்க நூல்களுக்குப் பிடிமானம் இல்லை. நெளிந்து கிடந்த நூல் நேராக நேராக, நீளமும் கூடுதலாகக் கிடைக்கிறது. மேலே ஒரு வளையம் எழும்புகிறது. அதே வரிசையில் இருபுறமும் விறைத்த கோடு ஒன்று பளபளக்கிறது. வெளியே வந்த இழை தன் முறுக்கிலேயே சுருண்டுகொள்வதால், தானாக உள்ளே திரும்பாது.

வாஷிங் மெஷினில் இது பல மடங்காகும். ஐந்தரை மீட்டர் ஈரத்துணி மற்ற துணிகளோடு சுற்றிக்கொண்டு இழுபடும்போது, கூடவே போட்ட ஜாக்கெட்டின் ஒரு கொக்கி போதும். பட்டுக்கு இன்னொரு கஷ்டம்: நனைந்தால் அதன் பலம் குறையும், நூல் ஊறிப் பருத்து முறுக்கு இறுக, துணி மறுபடி சுருங்கும். பாலியஸ்டர் அவ்வளவாக ஊறாது என்பதால் சுருங்காது. ஆனால் கொக்கியில் மாட்டுவதில் இரண்டும் ஒன்றுதான். அதனால் அகலமான பக்கெட்டில் பச்சைத் தண்ணீர், கொஞ்சம் மைல்டான சோப்பு நீர், கையால் அமுக்கி அலசுவது, பிழியாமல் துண்டில் சுருட்டி ஒற்றி எடுப்பது என்று வைத்துக்கொள்வதே நல்லது. மெஷின்தான் கதி என்றால், வலைப் பையில் தனியாகப் போடுங்கள். கையில் வளையல், மோதிரம் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள்.

இழை வெளியே வந்துவிட்டால் மட்டும் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். அது புடவையின் ஒரு கோடி முதல் மறுகோடி வரை ஓடும் ஒரே நூல். வெட்டினால் இரு முனையும் உள்வாங்கி அந்த இடத்தில் சந்து விழும். வளையத்துக்கு இருபுறமும் விறைத்த கோட்டின் வழியே, மெல்லிய ஊசி முனையால் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உள்ளே சேருங்கள். மிஞ்சியதைப் பின்பக்கம் இழுத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.