காசோலையில் கையெழுத்து மாறும்போது

கம்பெனிக் கணக்கில் கையெழுத்துப் போடுபவரை மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதும் கடிதம் அரைப் பக்கம்தான். அந்தக் கடிதத்தோடு என்னென்ன இணைக்கிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது. இணைப்பில் ஒன்று குறைந்தால் கவுண்ட்டரிலேயே திருப்பித் தந்துவிடுவார்கள். அதில் பெரிய நஷ்டமில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்த பிறகு, ஏற்கெனவே வெளியே போன காசோலைகள் திரும்பி வரத் தொடங்குவதுதான் பெரிய தலைவலி.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி. நிர்வாக இயக்குநர், அவருடைய மைத்துனர், மகள் என மூன்று இயக்குநர்கள். காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் நிர்வாக இயக்குநர், மைத்துனர், கணக்கு மேலாளர் ஆகிய மூவருக்கு. இவர்களில் யாராவது இருவர் சேர்ந்து போட்டால் செல்லும். மைத்துனர் மே 31ஆம் தேதியோடு இயக்குநர் பதவியிலிருந்து விலகுகிறார். அவர் இடத்தில் நிதி மேலாளராகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண்மணி கையெழுத்திட வேண்டும். அவர் இயக்குநர் இல்லை, சம்பளத்துக்கு வேலை செய்பவர். அது தடையில்லை. இயக்குநர் குழு அதிகாரம் கொடுத்தால் ஊழியரும் கையெழுத்திடலாம்.

அந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் வங்கியின் முதல் கேள்வி. முதலாளியே நேரில் வந்து சொன்னாலும் வங்கிக்குப் போதாது. சட்டப்படி கம்பெனி தனி ஆள். அது பேசுவது இயக்குநர் குழுவின் தீர்மானம் மூலமாக. வங்கிக்கு இந்தக் கறார்த்தனம் வரக் காரணமும் உண்டு. 1987இல் கனரா வங்கிக்கும் கனரா சேல்ஸ் கார்ப்பரேஷனுக்கும் நடந்த வழக்கில், கம்பெனியின் கணக்கைப் பார்த்துவந்தவரே நிர்வாக இயக்குநரின் கையெழுத்தைப் போலியாகப் போட்டுப் பல காசோலைகளை மாற்றியிருந்தார். போலிக் கையெழுத்து உள்ள காசோலை வாடிக்கையாளரின் உத்தரவே ஆகாது, பணத்தை வங்கிதான் திருப்பித் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். யாருடைய கையெழுத்து செல்லும் என்பதில் வங்கி தவறினால் இழப்பு வங்கியின் தலையில்தான் விழும்.

ஆகவே முதல் வேலை இயக்குநர் குழுக் கூட்டம். ஏழு நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். மைத்துனர் போன பிறகு இருக்கும் இருவரும் வந்தாக வேண்டும். குறைந்தபட்ச வருகையே இரண்டு பேர். ஜூன் 2ஆம் தேதி கூட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தீர்மானத்தில் கணக்கு எண், கிளையின் பெயர், விலகுபவர், புதியவர், எத்தனை பேர் சேர்ந்து போட வேண்டும், எந்தத் தொகைவரை என்பவை எல்லாம் இருக்க வேண்டும். ‘இன்னாரைச் சேர்க்கலாம்’ என்று மட்டும் எழுதி, பழைய ஏற்பாடு என்ன ஆகிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். அப்போது பழையவரும் இருக்கிறாரா, இருவர் என்பது மூவர் ஆகிவிட்டதா என்று வங்கி ஊழியர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அவர் ஊகிக்க மாட்டார், திருப்பி அனுப்புவார். ‘இதே கணக்கு குறித்த முந்தைய தீர்மானங்களுக்குப் பதிலாக இது அமையும்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அந்தச் சந்தேகம் எழாது.

வங்கிக்குப் போவது அந்தத் தீர்மானத்தின் சான்றிட்ட நகல். லெட்டர்ஹெட்டில் அச்சிட்டு, ஒரு இயக்குநர் தன் இயக்குநர் எண்ணோடு கையெழுத்திட வேண்டும். கம்பெனிச் செயலர் இருந்தால் அவர் போடலாம். யாருக்கு அதிகாரம் கொடுக்கிறோமோ அவரே அந்த நகலுக்குச் சான்று அளிக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கம்பெனிக்குப் பொது முத்திரை கட்டாயமில்லை. ஆனாலும் ரப்பர் ஸ்டாம்ப் இல்லாத தாளைக் கண்டால் பல கிளைகளில் முகம் சுளிப்பார்கள். வாதாடுவதைவிட ஸ்டாம்ப் வைத்துவிடலாம்.

இனி கடிதம். ஜூன் 3 தேதியிட்டு, லெட்டர்ஹெட்டில், இப்படி அமையலாம்:

“கிளை மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: எங்கள் நடப்புக் கணக்கில் கையெழுத்து அதிகாரம் பெற்றவரை மாற்றுதல். கணக்கு எண்: …

ஐயா,

02-06 அன்று நடந்த இயக்குநர் குழுக் கூட்டத்தின் தீர்மானப்படி, மேற்கண்ட கணக்கில் திரு. … அவர்களின் கையெழுத்து அதிகாரத்தை நீக்கி, எங்கள் நிதி மேலாளர் திருமதி … அவர்களைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். நிர்வாக இயக்குநர், கணக்கு மேலாளர், நிதி மேலாளர் ஆகிய மூவரில் எவரேனும் இருவர் சேர்ந்து கையெழுத்திடுவர். விலகியவருக்கு இணையவழிச் சேவையில் உள்ள பயனர் உரிமையையும் இன்றே நீக்கக் கோருகிறோம். அவர் கையெழுத்திட்டு மே 31 வரை தேதியிட்டு வழங்கிய, இன்னும் பணமாகாத காசோலைகளின் பட்டியலை இணைத்துள்ளோம். அவற்றுக்கு மட்டும் பணம் வழங்கவும்.

இணைப்பு:
1. இயக்குநர் குழுத் தீர்மானத்தின் சான்றிட்ட நகல்
2. மூவரின் கையெழுத்து மாதிரிப் படிவம், புகைப்படத்துடன்
3. புதியவரின் பான் அட்டை, பாஸ்போர்ட் அல்லது ஆதார் நகல்
4. தற்போதைய இயக்குநர்களின் பட்டியல்
5. விலகியவரின் ராஜினாமாக் கடிதம், டிஐஆர்-12 தாக்கல் செய்த ரசீது
6. பணமாகாத காசோலைகளின் பட்டியல்
7. இணையவழிச் சேவை மாற்றப் படிவம்”

கீழே கையெழுத்திட வேண்டியவர்கள் பழைய ஏற்பாட்டின்படி அதிகாரம் உள்ளவர்கள், அதாவது நிர்வாக இயக்குநரும் கணக்கு மேலாளரும். புதியவரின் மாதிரிக் கையெழுத்தையும் இவர்களே மேலொப்பமிட்டுக் கொடுப்பார்கள். இங்கே ‘யாராவது இருவர்’ என்ற ஏற்பாடு இருந்ததால் மைத்துனரின் கையெழுத்து தேவைப்படவில்லை. இரண்டு இயக்குநர்களும் சேர்ந்தே போட வேண்டும் என்று இருக்கும் கம்பெனியில் ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் கதை வேறு. அவர் வங்கிக்கு ‘தகராறு இருக்கிறது’ என்று ஒரு கடிதம் போட்டால், இருவரும் சேர்ந்து எழுதித் தரும்வரை, அல்லது கோர்ட் உத்தரவு வரும்வரை, வங்கி பெரும்பாலும் கணக்கை நிறுத்திவைக்கும். அப்போது சம்பளமும் நிற்கும்.

ஐந்தாவது இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இயக்குநர் விலகினால் 30 நாளுக்குள் டிஐஆர்-12 படிவத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். வங்கி ஊழியர் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் இயக்குநர் பட்டியலைத் திறந்து பார்ப்பார். கடிதத்தில் இருவர், இணையதளத்தில் மூவர் என்றால் கேள்வி வரும். படிவத்தை முதலில் தாக்கல் செய்து ரசீதை இணைத்தால் அந்தக் கேள்வியே இல்லை.

அடுத்து ஆறாவது இணைப்பு. பலர் இதை எழுதுவதே இல்லை. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. மைத்துனர் மே 20ஆம் தேதி ஒரு வார்ப்புக் கடைக்காரருக்குக் காசோலை கொடுத்திருக்கிறார். தேதியிலிருந்து மூன்று மாதம் அது செல்லும். கடைக்காரர் ஜூன் 10ஆம் தேதி தன் வங்கியில் போடுகிறார். இப்போதெல்லாம் கிளியரிங்கில் காசோலைத் தாள் பயணிப்பதில்லை. அதன் படம்தான் நம் வங்கிக்கு வருகிறது. ஊழியர் அந்தப் படத்தைக் கணினியில் இருக்கும் கையெழுத்து மாதிரியோடு ஒப்பிடுகிறார். மாதிரிகளில் மைத்துனர் இல்லை. ‘கையெழுத்து பொருந்தவில்லை’ என்று காசோலை திரும்புகிறது. கணக்கில் பணம் இருந்தும் பயனில்லை.

பணம் இல்லாமல் திரும்பினால்தானே வழக்கு என்று நினைக்கலாம். 2012இல் லக்ஷ்மி டைகெம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. அங்கேயும் காசோலை கொடுத்த கம்பெனியில் கையெழுத்திடுபவர்கள் மாறியிருந்தார்கள். காசோலைகள் கையெழுத்து பொருந்தவில்லை என்று திரும்பின. கையெழுத்து பொருந்தாமல் திரும்புவதும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவுக்குள் வரும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்லெண்ணத்தோடு ஆட்களை மாற்றியவர்களுக்கும் வழி இருக்கிறது: நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் குற்றமாகாது. கொடுக்காமல் ‘ஆள் மாறிவிட்டார்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் வழக்குதான்.

அதனால் கடிதம் எழுதுமுன் காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையையும் வங்கி ஸ்டேட்மெண்ட்டையும் பக்கத்தில் வைத்து, பணமாகாதவற்றை எண், தேதி, தொகை, பெறுபவர் பெயர் என்று எழுதிக்கொள்ள வேண்டும். சில கிளைகள் இந்தப் பட்டியலை ஏற்றுப் பணம் கொடுக்கும். கணினி இடம் தராது என்று கைவிரிக்கும் கிளைகளும் உண்டு. அப்படியானால் ஒவ்வொரு பார்ட்டிக்கும் போன் செய்து, பழையதை வாங்கிக்கொண்டு புதியது கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பின்தேதியிட்டுக் கொடுத்தவற்றை எப்படியும் மாற்றியே ஆக வேண்டும்; பட்டியலில் மே 31 வரை என்றுதானே எழுதியிருக்கிறோம். அலுவலக மேஜை இழுப்பறையில், ‘அவர் ஊருக்குப் போகிறார்’ என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவைத்த வெற்றுக் காசோலைகள் இருந்தால் அவற்றைக் குறுக்கே அடித்துவிடுங்கள். அந்தப் பழக்கம் எத்தனை கம்பெனியில் இருக்கிறது என்று ஆடிட்டர்களுக்குத் தெரியும்.

இணையவழி உரிமை தனிக் கதை. காசோலை மாதிரியிலிருந்து பெயரை நீக்கினால் நெட் பேங்கிங்கிலிருந்து தானாக நீங்காது. பல வங்கிகளில் இரண்டும் வேறு வேறு படிவம், வேறு வேறு பிரிவு. பணப் பரிமாற்றத்தை ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் கொடுக்கும் முறை கம்பெனிக் கணக்குகளில் வழக்கம். மைத்துனர் ஒப்புதல் கொடுப்பவராக இருந்து, ஓடிபி அவருடைய செல்போனுக்கே போய்க்கொண்டிருந்தால், காசோலையில் அவரை நீக்கி என்ன பயன்? புதியவரின் பயனர் பெயர் வேலை செய்வதைப் பார்த்த பிறகு பழையதை நீக்கலாம் என்று காத்திருப்பார்கள். உரிமையுள்ள மற்ற இருவர் இருக்கும்போது அந்தக் காத்திருப்புக்கு அவசியமே இல்லை.

கம்பெனிக்கு அதே வங்கியில் ஓவர்டிராஃப்ட் இருந்தால் கடன் பிரிவுக்கும் ஒரு நகல் போக வேண்டும். மைத்துனர் அந்தக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்திருந்தால், கையெழுத்து அதிகாரம் போனதால் ஜாமீன் போய்விடாது. அதற்கு வங்கி தனியாக எழுத்தில் விடுவிக்க வேண்டும். விலகுபவர் தன் சொந்த நலனுக்காக இதைக் கேட்டுவாங்கிக்கொண்டு போவது புத்திசாலித்தனம். கம்பெனி தரப்பில் இதை யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

கடிதத்தைக் கொடுக்கும்போது இன்னொரு நகலில் தேதியோடு வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றம் பதிவாகிவிட்டதா என்று கிளையில் கேட்டு உறுதி செய்துகொண்டு, புதியவர் கையெழுத்திடும் முதல் காசோலையைச் சம்பளத்துக்கோ பெரிய பார்ட்டிக்கோ கொடுக்காமல், ஸ்டேஷனரிக் கடை பில் மாதிரி ஏதாவது சின்னத் தொகைக்குக் கொடுத்துப் பாருங்கள்.