திண்டுக்கல் தாண்டியாச்சா?

மதுரையில் ஒரு கல்யாணம். சனிக்கிழமை மாலை வரவேற்பு, ஞாயிறு காலை ஏழரை மணிக்கு மேல் முகூர்த்தம். சென்னைச் சொந்தங்களில் பலர் வெள்ளி இரவு எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி, சனி விடியலில் மதுரை ஜங்ஷனில் வந்து இறங்குவார்கள். அவர்களை யார் அழைத்து வருவது, எங்கே தங்கவைப்பது என்பதெல்லாம் இன்று வாட்ஸ்அப்பில்தான் முடிவாகிறது. ஆனால் கல்யாணக் குழுவில் பொதுவாகப் போடும் தகவல் வாழ்த்துகளுக்கு நடுவே புதைந்துவிடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும்.

முதல் செய்தி, விவரம் கேட்பதற்கு. ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை அது 120 நாளாக இருந்தது. ஆகவே அழைப்பு வைத்த கையோடு இதைக் கேட்டுவிடலாம். “14ஆம் தேதி வர்றோம்” என்று பதில் வந்தால் அதை அப்படியே குறித்துக்கொள்ளக் கூடாது. 14ஆம் தேதி இரவு ஏறுகிறார்களா, அன்று விடியலில் இறங்குகிறார்களா என்பது அதில் இல்லை. ஒரு நாள் தப்பினால் வண்டியும் அறையும் சேர்ந்தே தப்பும். கேள்வியை இப்படி வைக்கலாம்:

“சித்தப்பா, எந்த ரயில், எந்தக் கிழமை காலையில மதுரையில இறங்குறீங்க? மொத்தம் எத்தனை பேர்? மாடி ஏற முடியாதவங்க இருக்காங்களா? திரும்புற டிக்கெட் எப்போ?”

பதில்கள் வந்ததும் அறைக் கணக்கு. ஜங்ஷனுக்கு எதிரே மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி நெடுக லாட்ஜ்கள் உண்டு. அறை பேசும்போது வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டியது, நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது என்பதை. பகல் 12 மணிக் கணக்கு என்றால், சனி விடியலில் வருகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமையிலிருந்தே அறை போட வேண்டும். இல்லாவிட்டால் பெட்டிகளோடு வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பார்கள். 24 மணிநேரக் கணக்கு கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சனி காலை ஆறு மணிக்கு எடுத்த அறையை ஞாயிறு காலை ஆறு மணிக்கு விட வேண்டும். முகூர்த்தத்துக்குக் குளித்துக் கிளம்பும் நேரமே அதுதான். மறுநாளைக்கும் சேர்த்துப் பேசிவிடுவதே நல்லது. பெரியவர்கள் எல்லாரும் அசல் அடையாள அட்டை கொண்டுவரச் சொல்லுங்கள். மலேசியா, சிங்கப்பூர் குடிமக்களாக இருக்கும் உறவினர்களுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். அவர்கள் தங்கும் விவரத்தை லாட்ஜ்காரர்கள் அரசுக்குப் பதிவு செய்தாக வேண்டும்.

அடுத்து, காத்திருப்புப் பட்டியல். ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் ஒருவருக்குமே இடம் கிடைக்காவிட்டால், சார்ட் தயாரானதும் அது தானாக ரத்தாகிவிடும். அந்தக் குடும்பம் அவசரமாகப் பேருந்து பிடிக்கும். சென்னைப் பேருந்துகள் வந்து நிற்பது மாட்டுத்தாவணியில். இங்கே ஜங்ஷனில் வண்டி காத்துக்கொண்டிருக்கும். அதனால் கிளம்பும் நாளில், சார்ட் வந்த பிறகு, “டிக்கெட் உறுதியாச்சா? ரயிலா, பஸ்ஸா?” என்று ஒரு வரி கேட்டே ஆக வேண்டும்.

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் கடைசிச் செய்தி. அவர்கள் ரயில் ஏறுவதற்குள் கையில் இருக்க வேண்டும். விடியலில் தூக்கக் கலக்கத்தோடு படிக்கப்போகிறவர்களுக்கு என்ன தேவையோ அதை மட்டும், நடக்கும் வரிசையில் எழுதினால் போதும்:

“சித்தப்பா, காலையில இறங்கினதும் கிழக்கு வாசல் பக்கம் வாங்க. வெள்ளை இன்னோவா நிக்கும். வண்டி எண், டிரைவர் நம்பர் கீழே இருக்கு. வண்டியில நீங்க நாலு பேர் மட்டும்தான். லாட்ஜ்ல அப்பா பேர்ல ரூம் இருக்கு, முதல் மாடி, லிஃப்ட் உண்டு. சாயந்திரம் அஞ்சரைக்கு மண்டபத்துக்கு வேன் வரும். எதுன்னாலும் பெரியண்ணனைக் கூப்பிடுங்க.”

ஏழு பேர் அமரும் வண்டியில் நான்கு பேர் மட்டும் என்பது வீண்செலவு அல்ல. கல்யாணத்துக்கு வருகிறவர்களின் பெட்டிகளை ஏற்றினால் பின்னிருக்கை அவற்றுக்கே சரியாகிவிடும்.

ஓட்டுநருக்கும் செய்தி வேண்டும். அட்டவணை நேரத்தைச் சொல்லி அனுப்பினால், ரயில் தாமதமாகும் நாளில் அவர் காத்திருந்து அலுத்து அடுத்த சவாரிக்குப் போய்விடக்கூடும். முகூர்த்த நாளில் வேறு வண்டி பிடிப்பது கடினம். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரம். ரயில் எங்கே வருகிறது என்பதைச் செயலியில் பார்த்துக்கொண்டிருந்து, “திண்டுக்கல் தாண்டியாச்சு, கிளம்புங்க” என்று சொன்னால் அவர் சரியான நேரத்துக்கு வந்து நிற்பார். இதற்காக ரயிலில் தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டியதில்லை.

பெண்ணின் தகப்பனாரோ அண்ணனோ இந்த வேலையை ஏற்கக் கூடாது. சடங்கில் உட்கார்ந்துவிட்டால் அவர்களால் போனை எடுக்க முடியாது. மேடையில் வேலை இல்லாத ஒருவர் பொறுப்பேற்று, அவருடைய எண்ணை மட்டுமே எல்லாச் செய்தியிலும் கொடுக்க வேண்டும். திரும்பும் ரயில் நேரங்களை முதலிலேயே கேட்டு வாங்கியவரும் அவர்தான் என்பதால், ஞாயிறு பந்தி முடிவதற்குள் யாருக்கு எந்த வண்டி என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.