பழுத்த தாளும் மெய்யெழுத்தின் புள்ளியும்: வருடிய பக்கங்களைத் தூய்மையாக்கல்

1950களில் மலிவுத் தாளில் அச்சான தமிழ் நூல்கள் இன்று பழுப்பேறியுள்ளன. மரக்கூழிலுள்ள இலிக்னின் ஒளியாலும் காற்றாலும் சிதைவதே இதற்குக் காரணமாகும். இத்தகைய பக்கத்தை வருடி அப்படியே அச்சிட்டால், அச்சுப்பொறி தாளின் நிறத்தையும் நுண்புள்ளிகளாக இட்டு நிரப்புகிறது. மை வீணாவதோடு எழுத்தின் விளிம்பும் மங்குகிறது.

பலர் ஒரே வரம்பளவை வைத்துப் பக்கம் முழுவதையும் கறுப்பு, வெள்ளை என இரண்டாகப் பிரிக்கின்றனர். தமிழுக்கு இம்முறை இடர் தருவதாகும். கறுப்பை 0 எனவும் வெள்ளையை 255 எனவும் கொள்வோம். ஒரு பக்கத்தின் நடுவில் தாள் 200, எழுத்து 70, மை மங்கிய மெய்ப்புள்ளி 130 என இருக்க, கட்டுமான ஓரத்தில் தாளே 140 ஆக இருண்டுள்ளது எனக் கருதுவோம். வரம்பு 150 ஆயின் ஓரம் முழுதும் கறுப்பாகும். 110 ஆயின் புள்ளி மறையும். அப்போது ‘பால்’ என்பது ‘பால’ ஆகிவிடும். மூலபாடமே திரிந்துவிடுகிறது.

ஆகவே வரம்பிடுவதற்கு முன் பின்புலத்தைச் சமன் செய்தல் வேண்டும். பக்கத்தை 300 டிபிஐ அளவில் வண்ணத்தில் வருடி, மூலக்கோப்பைத் தனியே காக்க வேண்டும். மஞ்சள் தாள் நீல ஒளியை உறிஞ்சிச் சிவப்பொளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புவதால், சிவப்புக் கூறில் தாள் மிக வெளிறித் தோன்றும். கிம்ப் மென்பொருளில் Colors > Components > Extract Component வழியே RGB Red என்பதைத் தெரிவு செய்யலாம். பின்னர் அவ்வடுக்கைப் படியெடுத்து, மேலடுக்கை Gaussian Blur கொண்டு எழுத்துகள் கரையும்வரை மங்கச் செய்து, அதன் Mode என்பதை Divide என மாற்ற வேண்டும். இப்போது ஒவ்வோர் இடமும் தன் அருகிலுள்ள தாளின் ஒளியளவால் வகுபடுகிறது. நடுவிலும் ஓரத்திலும் தாள் ஏறக்குறைய 255 ஆகிறது; நாம் கண்ட புள்ளி ஏறக்குறைய 166 ஆக நிற்கிறது. அடுக்குகளை ஒன்றிணைத்து, Levels பகுதியில் கருமை எல்லையை 110 எனவும் வெண்மை எல்லையை 215 எனவும் அமைத்தால், தாள் வெண்மையாகும். புள்ளி சாம்பல் நிறத்தில் எஞ்சும்.

மங்கலின் அளவு குறைந்தால் தடித்த தலைப்பெழுத்துகளின் உட்புறம் வெளிறும். மிகுந்தால் ஓரத்து நிழல் எஞ்சும். நிழற்படங்களின் கரும்பரப்பை இம்முறை வெளிறச் செய்வதால் அவற்றைத் தனியே கையாள வேண்டும். சிவப்பு மையிலான குறிப்புகளும் முத்திரைகளும் மறையக்கூடும். அவை ஆய்வுக்குரியனவாயின் பச்சைக் கூறைக் கொள்ளலாம்.

தூய்மையாக்கிய பக்கத்தை மூலத்தோடு ஒப்பிடும்பொழுது தெளிவான நடுப்பகுதியை விடுத்து, கட்டுமான ஓரத்து மெய்யெழுத்துகளை முதலில் நோக்குதல் நன்று. அங்குப் புள்ளிகள் எஞ்சியிருப்பின், பிற பகுதிகளிலும் அவை எஞ்சியிருக்கும் எனப் பெரும்பாலும் கொள்ளலாம்.