ஒரு செட்டாப் பாக்ஸ், இரண்டு டி.வி.

கேபிளில் நூற்றுக்கணக்கான சேனல்கள் ஒன்றாகவே வீட்டுக்குள் வருகின்றன. அவற்றில் ரிமோட்டில் கேட்ட ஒன்றை மட்டும் பிடித்து, அதன் பூட்டைத் திறந்து, படமாக்கித் தருவது செட்டாப் பாக்ஸின் வேலை. சாதாரணப் பெட்டி ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் அப்படித் தரும். அதிலிருந்து இரண்டு அறைகளுக்கு ஒயர் இழுத்தால் ஹாலில் ஓடும் படமே உள்ளறையிலும் ஓடும். ஹாலில் சீரியல், உள்ளே கிரிக்கெட் என்றால் இரண்டாவது பெட்டி வேண்டும்.

அனலாக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியிலும் மற்ற ஊர்களைப் போலவே, கம்பத்திலிருந்து வரும் கேபிளை ஸ்ப்ளிட்டரால் பிரித்தால் போதும். சேனலைப் பிடிக்கும் வேலையை டி.வி.யே செய்துகொண்டது. 2017-இல் அரசு கேபிள் நிறுவனம் டிஜிட்டலுக்கு மாறி செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. இப்போது சந்தா வீட்டோடு சேர்ந்ததல்ல, பெட்டியோடு சேர்ந்தது. பணம் கட்டியதும், அந்தப் பெட்டியின் எண்ணுக்கு மட்டும் திறப்பு அனுமதி கேபிள் வழியாகவே வந்து சேர்கிறது. பக்கத்தில் இருக்கும் வேறொரு பெட்டிக்கு அது செல்லாது.

கீழே ஹால், மாடியில் படுக்கையறை என்று உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். சுவரோரமாக அளந்தால் இரண்டுக்கும் இடையே ஒயர் 18 மீட்டர் வருகிறது.

ஒரே படம் போதும் என்றால், பெட்டியில் இருக்கும் இரண்டு வழிகளையும் பயன்படுத்தலாம். ஹால் டி.வி.க்கு எச்.டி.எம்.ஐ., மாடிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட ஏ.வி. ஒயர். பல பெட்டிகள் இரண்டிலும் ஒருசேரப் படம் தரும், ஏ.வி. வழியில் தெளிவு சற்றுக் குறையும். மாடியிலும் எச்.டி. வேண்டுமானால் எச்.டி.எம்.ஐ. ஸ்ப்ளிட்டர் போட வேண்டும். ஆனால் சாதாரண எச்.டி.எம்.ஐ. ஒயர் சுமார் பத்து மீட்டர் தாண்டினால் நம்பத்தக்கதல்ல; படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், நொடிக்கு நொடி திரை கறுக்கும். 18 மீட்டருக்கு நெட்வொர்க் ஒயரில் ஓடும் எக்ஸ்டெண்டர்தான் சரி. ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிர் சுவரைத் தாண்டாது என்பதால், ரிமோட் சிக்னலையும் கீழே கொண்டுவரும் எக்ஸ்டெண்டராகப் பார்த்து வாங்காவிட்டால் சேனல் மாற்றப் படியிறங்க வேண்டியதுதான்.

வேறு வேறு சேனல் வேண்டுமென்றால் பெட்டிக்கு முன்னாலேயே கேபிளைப் பிரிக்க வேண்டும். இங்கே கணக்கு டெசிபலில். இருவழி ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு பக்கமும் சுமார் 4 டெசிபல் குறைக்கும், அதாவது பாதிக்கும் மேலான சிக்னல் போய்விடும். ஆர்.ஜி.6 கேபிள் 18 மீட்டரில், மேல் அலைவரிசைகளில் இன்னும் மூன்றரை டெசிபல் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். வீட்டு வாசலில் மீட்டர் 64 காட்டினால் ஹாலுக்கு 60, மாடிக்கு 56 சொச்சம். இது போதும். வாசலிலேயே 54 இருந்தால் மாடியில் 47-க்குள் இறங்கி, படம் தடுமாறும் எல்லைக்குப் போய்விடலாம்.

இந்த வீட்டில் நால்வழி ஸ்ப்ளிட்டரைப் போடுவது வீண். இரண்டு டி.வி.க்காக 7 டெசிபலுக்கு மேல் இழக்க நேரும்; சும்மா கிடக்கும் முனைகளில் 75 ஓம் மூடி போடாவிட்டால் சிக்னல் திரும்பி வந்து குழப்பும்.

கோளாறு எங்கே என்பதைப் படமே சொல்லும். சில சேனல்கள் மட்டும் கட்டம் கட்டமாகச் சிதறி மற்றவை சுத்தமாக ஓடினால், பெரும்பாலும் மேல் அலைவரிசை வலுவிழந்திருக்கிறது; ஒயர் நீளம், மெல்லிய கேபிள், மழைநீர் புகுந்த இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எல்லாச் சேனலும் ஒன்றாக நின்றால், எஃப் கனெக்டரை முதலில் திருகிக் கழற்றிப் பார்ப்பது நல்லது. வெளிப் பின்னலின் ஒரு மெல்லிய கம்பி நடுக்கம்பியைத் தொட்டாலே போதும், சிக்னல் செத்துவிடும். மாடிப் பெட்டியைக் கீழே கொண்டுவந்து ஹால் ஒயரில் போட்டு, நன்றாக ஓடினால் பெட்டியில் குற்றமில்லை, ஒயரில்தான்.

டி.டி.எச். வீடுகளில் இந்த ஸ்ப்ளிட்டர் வேலைக்கு ஆகாது. பெட்டி 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் டிஷ்ஷில் உள்ள எல்.என்.பி.யை மாற்றுகிறது; இரண்டு பெட்டிகள் ஒரே ஒயரில் ஆளுக்கொரு வோல்ட் அனுப்பினால் ஒன்றின் படம் போய்விடும். இரண்டு முனை உள்ள எல்.என்.பி.யும் தனித்தனி ஒயரும் வேண்டும்.

இரண்டாவது பெட்டிக்கான கட்டணத்துக்கு முன்பு வரம்பு இருந்தது. 2020-இல் டிராய் வகுத்த விதிப்படி, ஒரே வீட்டின் கூடுதல் டி.வி.க்கு நெட்வொர்க் கட்டணம் முதல் டி.வி.யின் கட்டணத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 130 ரூபாய்க்கு அது 52 ரூபாய், வரி தனி. 2024 ஜூலையில் நெட்வொர்க் கட்டணத்துக்கான உச்சவரம்பு நீக்கப்பட்டதால், கூடுதல் டி.வி.க்கான தள்ளுபடியை இப்போது ஆபரேட்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.